கையில் மேனுவல் இருந்தும் நள்ளிரவில் தடுமாறுவது ஏன்? ஆக்சிஜன் மெஷினுக்கு ஒரு பக்க அட்டை தயாராகும் விதம்

இரவு 2 மணி. போன கரண்ட் திரும்ப வந்துவிட்டது. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் மெஷினை அம்மா மறுபடி ஆன் செய்கிறார். 'பீப்' என்று ஒரு சத்தம். பச்சை விளக்கோடு சேர்ந்து மஞ்சள் விளக்கும் எரிகிறது. சாயங்காலம் மெஷினை இறக்கிவைத்த ஊழியர் எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் காட்டிவிட்டுப் போனார். மஞ்சள் விளக்கைப் பற்றி அவர் சொன்னாரா என்பது நினைவில்லை. "ஏதோ கெட்டுப்போச்சு போல" என்று பயந்து, அம்மா மெஷினை ஆஃப் செய்துவிடுகிறார்.

மெஷின் கெடவில்லை. பல மாடல்களில், ஆன் செய்த முதல் சில நிமிடங்களுக்கு மஞ்சள் விளக்கு எரிவது வழக்கம்தான். உள்ளே ஆக்சிஜனின் அளவு ஏறிக்கொண்டிருக்கிறது என்பதே அதற்கு அர்த்தம். இந்தத் தகவல் மேனுவலில் இல்லாமல் இல்லை. எச்சரிக்கைகள், பாகங்களின் படம், பிரித்து எடுக்கும் முறை எல்லாம் தாண்டி, இயக்கும் முறை என்ற பகுதியின் நடுவில் ஒரு வரியாக இருக்கிறது. அந்த மேனுவல் அலமாரியில் இருக்கிறது.

இது ஒரு கற்பனைக் காட்சி. ஆனால் நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்து, வாடகைக்கு மெஷின் எடுத்த எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடியது. இந்த இடத்தில் உதவக்கூடியது மெஷின் மேலேயே ஒட்டிய ஒரு பக்க அட்டை. 'க்விக் ஸ்டார்ட் கார்டு' என்று கம்பெனிகள் சொல்வது இதைத்தான். மேனுவலில் பல பக்கம் ஓடும் ஒரு பகுதியை ஏழெட்டு வரி அட்டையாக வெட்டுவது எப்படி? எதை விடலாம், எதை விடவே கூடாது?

மேனுவல் ஏன் அப்படி இருக்கிறது?

மேனுவலைக் குறை சொல்லிப் பயனில்லை. அது ஒரே நேரத்தில் பலருக்காக எழுதப்படுகிறது. மெஷினை முதல் நாள் நிறுவுபவர், தினமும் போடுபவர், வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவுபவர், பழுது பார்ப்பவர் என எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. பாதுகாப்பு விதிகளுக்காகச் சேர்க்க வேண்டிய எச்சரிக்கைகளும் அதில்தான் வர வேண்டும். அதனால் எல்லாம் இருக்கும்; ஆனால் தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் வரி கைக்கு எட்டாது.

இந்தச் சிக்கலை முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜான் கேரல். 1980-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் அவரும் அவர் குழுவினரும், அலுவலக ஊழியர்கள் புதிதாக வந்த கம்ப்யூட்டர் டைப்பிங் மெஷின்களைக் கற்றுக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். ஊழியர்கள் மேனுவலை வரிசையாகப் படிக்கவில்லை. பக்கங்களைத் தாண்டிப்போய், கையில் இருந்த வேலையை உடனே செய்யப் பார்த்தார்கள். ஒரு தப்பு நேர்ந்தால் அதிலிருந்து வெளியே வரும் வழி மேனுவலில் கிடைக்காமல் மாட்டிக்கொண்டார்கள்.

கேரல் குழு மேனுவலுக்குப் பதிலாகச் சில அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தது. ஒரு வேலைக்கு ஓர் அட்டை. அதில் சில குறிப்புகள், சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள ஓர் அடையாளம், தப்பினால் திரும்பி வர ஒரு வழி. இவ்வளவுதான். அட்டையை வைத்துக் கற்றவர்கள் வேலையைச் சீக்கிரமே செய்ய ஆரம்பித்தார்கள். இந்த அனுபவங்களை அவர் 1990-இல் புத்தகமாகவும் வெளியிட்டார்.

அட்டை என்பது மேனுவலின் சுருக்கம் இல்லை என்பது இதிலிருந்து புரியும். சுருக்கம் என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பது. அட்டையோ ஒரே ஒரு சந்தர்ப்பத்துக்கானதை முழுசாக எடுத்துக்கொண்டு, மற்றதை மேனுவலிலேயே விட்டுவிடுகிறது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது என்ன?

யாருக்கு, எந்த நிமிடத்துக்கு? பேனாவை எடுப்பதற்கு முன்பே இதற்குப் பதில் வேண்டும்.

நம் உதாரணத்தில் அட்டை அம்மாவுக்கானது. வயது அறுபதைத் தாண்டியவர். கண்ணாடி பக்கத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மெஷின் ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்டது. அவர் செய்ய வேண்டியது மெஷினை மறுபடி போட்டு, அப்பாவுக்கு ஆக்சிஜன் போகிறது என்று உறுதி செய்துகொள்வது. அதுவும் தூக்கக் கலக்கத்தில், தனியாக.

இது முடிவானதுமே அட்டையின் அளவும் முடிவாகிவிடுகிறது. நின்றுகொண்டே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்து வேண்டும் என்றால், பாதி ஏ4 தாளில் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் போகாது. அதில் வராத எதுவும் இந்த அட்டைக்குரியது இல்லை.

எதை வைப்பது, எதை எடுப்பது?

வீட்டில் பயன்படுத்தும் 5 லிட்டர் மெஷின் ஒன்றின் 'இயக்கும் முறை' பகுதியை எடுத்துக்கொள்வோம். மாடலுக்கு மாடல் வார்த்தைகள் மாறும், விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான். அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, நான்கு குவியலாகப் பிரிக்க வேண்டும்.

முதல் குவியல், ஒரே ஒருமுறை செய்வது. பெட்டியிலிருந்து எடுப்பது, பாகங்களைச் சரிபார்ப்பது, ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரைக் குறித்துக்கொள்வது. நிறுவ வந்த ஊழியரோடு இந்த வேலைகள் முடிந்துவிட்டன. மொத்தமாக வெளியே.

இரண்டாவது குவியல், எப்போதாவது செய்வது. வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவி நன்றாகக் காயவைப்பது, பாட்டிலைச் சுத்தம் செய்வது. அவசியமான வேலைகள்தான். ஆனால் நள்ளிரவு 2 மணிக்கு அல்ல. இவை தனிக் காகிதமாக சமையலறை காலண்டர் பக்கத்தில் இருக்கலாம்.

மூன்றாவது குவியல், தெரிந்துகொள்ள மட்டும். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தான். ஜியோலைட் என்ற கனிமத் துகள்கள் வழியே காற்றைச் செலுத்தி, நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, சுமார் 90 முதல் 96 சதவீத ஆக்சிஜனை மெஷின் வெளியே அனுப்புகிறது. சுவாரசியமான தகவல். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு அம்மா செய்யப்போவது எதுவும் இல்லை. வெளியே.

நான்காவது குவியல், ஒவ்வொரு முறையும் செய்வது. அட்டை இதிலிருந்துதான் பிறக்கிறது.

இந்தக் குவியலிலும் சில சீட்டுகள் சந்தேகத்துக்கு இடமாக இருக்கும். அவற்றுக்கு ஒரே கேள்வி போதும்: 'இந்த வரி இல்லாவிட்டால், அந்த நிமிடத்தில் என்ன கெடும்?' உதாரணமாக, 'பயன்படுத்தும் முன் மின்சார ஒயரில் சேதம் உள்ளதா எனப் பார்க்கவும்' என்ற வரி. நேற்று வரை ஓடிய மெஷின், இடத்தை விட்டு நகரவில்லை. இது வாராந்திரப் பட்டியலுக்குப் போகலாம். 'மெஷினைச் சுவர், திரைச்சீலை ஆகியவற்றிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி வைக்கவும்' என்ற வரி? பெருக்கும்போது மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிடுவது சகஜம். காற்று உள்ளே போகும் வழி அடைபட்டால் மெஷின் சூடாகும், ஆக்சிஜன் அளவு குறையும். எனவே இந்த வரி இருக்கட்டும். ஆனால் 30 சென்டிமீட்டரை யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. 'ஒரு முழம் தள்ளி' என்றால் கை தானாகவே அளந்துவிடும். ஒரு முழம் 30 சென்டிமீட்டரைவிட அதிகம் என்பதால் பாதுகாப்பிலும் குறைவில்லை.

எச்சரிக்கைகளை வெட்டலாமா?

அட்டை எழுதுபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மேனுவலின் முன்பக்கத்தில் எச்சரிக்கைகள் நிறைய இருக்கும். எல்லாவற்றையும் வைத்தால் அட்டை நிரம்பிவிடும். எல்லாவற்றையும் எடுத்தால் ஆபத்து.

இதற்கும் ஒரு வழி உண்டு. எச்சரிக்கையை அது எந்த வேலையோடு சம்பந்தப்பட்டதோ, அந்த வேலையோடு ஒட்ட வேண்டும். 'தண்ணீர் அளவுக்கு மேல் போனால் குழாய்க்குள் தண்ணீர் ஏறும்' என்பது பாட்டில் நிரப்பும் வரியோடு போகும். எந்த வேலையோடும் ஒட்டாமல், எந்த நேரமும் பொருந்தும் எச்சரிக்கை மட்டும் தலைப்புக்குக் கீழே தனியாக நிற்கலாம்.

ஆக்சிஜன் மெஷினில் அப்படி நிற்க வேண்டியது நெருப்பு. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அது அதிகம் இருக்கும் இடத்தில் சின்னப் பொறியும் வேகமாகப் பிடித்துக்கொள்ளும். மெஷின் ஓடும்போது மூக்குக் குழாயைப் படுக்கையில் போட்டுவைத்தால், போர்வைக்குள்ளும் ஆக்சிஜன் சேரும். மேனுவலில் 'திறந்த சுடர்களைத் தவிர்க்கவும்' என்று இருக்கும். நம் வீட்டில் அதன் பெயர் குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, பீடி, சிகரெட். அட்டையில் அந்தப் பெயர்களே வர வேண்டும். பூஜை அறைக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியின் வீட்டில், 'திறந்த சுடர்' என்ற சொல் கற்பூரத்தை யாருக்கும் நினைவூட்டாது.

இன்னொரு எச்சரிக்கை, ஆக்சிஜனின் அளவு. டாக்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று எழுதிக் கொடுத்திருப்பார். அப்பாவுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து, "கொஞ்சம் கூட வச்சா நல்லதுதானே" என்று வீட்டில் தோன்றும். சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு இது ஆபத்து. ஆக்சிஜன் தேவைக்கு மேல் போனால், அவர்கள் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி, மயக்கம் வரை கொண்டுபோகலாம். அதனால்தான் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ஆக்சிஜன் அளவை 100-க்குக் கொண்டுபோகாமல், 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைக்க டாக்டர்கள் பார்க்கிறார்கள். அட்டையில் இந்த விளக்கம் எதுவும் தேவையில்லை. டாக்டர் சொன்ன எண்ணைப் பெரிதாக எழுத ஒரு கட்டமும், 'மாற்ற டாக்டரைக் கேளுங்கள்' என்ற மூன்று சொல்லும் போதும்.

தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டியது என்ன?

மேனுவல் தமிழில் இருந்தாலும் அதன் வாக்கியங்கள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'ஈரப்பதமூட்டிக் குடுவையானது அதிகபட்சக் குறியீட்டைத் தாண்டாத வகையில் நீரால் நிரப்பப்பட வேண்டும்.' யார் நிரப்ப வேண்டும்? சொல்லவில்லை. எந்தப் பாட்டில்? யோசிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் தமிழில் உண்டு. நம் மொழியில் 'வேண்டாம்' என்ற செய்தி வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். 'MAX கோட்டைத் தாண்டித் தண்ணீர் நிரப்பாதீர்கள்' என்ற வரியை அவசரத்தில் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது 'MAX கோட்டைத் தாண்டித் தண்ணீர்'. கடைசி நாலு எழுத்தைத் தவறவிட்டால் அர்த்தமே தலைகீழ். 'MIN, MAX கோடுகளுக்கு நடுவில் தண்ணீர் நிரப்புங்கள்' என்று நேராகச் சொன்னால் அந்த ஆபத்து இல்லை. செய்யக் கூடாததைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், 'கற்பூரம் வேண்டாம்' என்பதுபோல ஒரே பார்வையில் முடிகிற வரியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, மெஷினில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுவே அட்டையிலும் வர வேண்டும். பாட்டிலில் MAX என்று இருந்தால் அட்டையிலும் MAX. இதை 'உச்ச அளவு' என்று மொழிபெயர்த்தால், அம்மா பாட்டிலில் 'உச்ச அளவு' எங்கே என்று தேடுவார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும், அந்த எழுத்துகளின் வடிவத்தை அட்டையிலும் பாட்டிலிலும் ஒப்பிட்டுப் பார்த்துவிட முடியும்.

ஒரு வரிக்கு ஒரு வேலை. முடிந்தவரை, அந்த வேலை சரியாக நடந்தது என்பதைக் காட்டும் ஓர் அடையாளமும் பக்கத்திலேயே வர வேண்டும். 'சுவிட்சைப் போடுங்கள்' என்பதோடு நிற்காமல், 'பீப் சத்தம் கேட்கும்' என்று சேர்த்தால், படிப்பவர் அடுத்த வரிக்குத் தைரியமாகப் போவார்.

அட்டையைச் சோதிப்பது எப்படி?

முதல் வரைவு முடிந்ததும், அதை எழுதியவர் திரும்பத் திரும்பப் படித்துத் திருத்துவதில் பெரிய பலன் இல்லை. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. மெஷினை இதுவரை தொடாத ஒருவரைக் கூப்பிட்டு, அட்டையை மட்டும் கையில் கொடுத்து, செய்யச் சொல்ல வேண்டும். நோயாளிக்கு மாட்டாமல், சும்மா ஓட்டிப் பார்த்தால் போதும். பக்கத்தில் நிற்பவர் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே கை நிற்கிறது, எங்கே திரும்பிப் பார்க்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த மெஷினில் அப்படிச் செய்தால் கை நிற்கும் இடங்களை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதல் இடம், அளவு காட்டும் கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு சின்னப் பந்து மேலும் கீழும் மிதக்கும். 'பந்தை 2-இல் வையுங்கள்' என்று எழுதினால், ஒருவர் பந்தின் தலையை 2-ஆம் கோட்டில் நிறுத்துவார், இன்னொருவர் அடியை. பல மாடல்களில் பந்தின் நடுப்பகுதி கோட்டில் நிற்பதுதான் சரி. மேலிருந்து குனிந்து பார்த்தால் கோடு மாறித் தெரியும் என்பதால், கண்ணைப் பந்துக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். இதை வார்த்தையில் விளக்குவதைவிட, பந்தும் கோடும் உள்ள சின்னப் படம் ஒன்றைப் போட்டுவிடலாம்.

இரண்டாவது இடம், பாட்டில் மூடி. மூடியைக் கோணலாகத் திருகினாலும் மூடியதுபோலவே தெரியும். ஆனால் ஆக்சிஜன் அங்கேயே கசிந்துவிடும். மெஷின் ஓடும், அளவும் சரியாகக் காட்டும், மூக்குக்கு மட்டும் போகாது. பாட்டில் தண்ணீரில் அப்போதும் குமிழி வரலாம் என்பதால், அதை மட்டும் நம்ப முடியாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மூக்குக் குழாயின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது. அங்கே குமிழி வந்தால் ஆக்சிஜன் கடைசி வரை போகிறது என்று அர்த்தம். பிறகு முனையை உதறித் துடைத்து மாட்டினால் போதும். முதல் வரைவில் இந்தக் குமிழி வரி பெரும்பாலும் இருக்காது. சோதித்த பிறகுதான் அட்டைக்குள் வரும்.

மூன்றாவது இடம்தான் மஞ்சள் விளக்கு. 'மஞ்சள் விளக்கு அணையும் வரை 5 நிமிடம் காத்திருங்கள்' என்று எழுதியிருந்தால், சோதிப்பவர் கேட்பார்: "அதுவரைக்கும் மூக்குல மாட்டக் கூடாதா?" நல்ல கேள்வி. நோயாளி மூச்சுக்குத் தவிக்கும்போது ஐந்து நிமிடம் சும்மா காத்திருப்பது பெரிய விஷயம். பல மாடல்களின் மேனுவலில், ஆக்சிஜன் முழு அளவை எட்டும் முன்பே மாட்டிக்கொள்ளலாம் என்று இருக்கும். ஆனால் எழுதுபவர் இதை ஊகிக்கக் கூடாது. வீட்டில் உள்ள அதே மாடலின் மேனுவலைப் பார்த்தோ, மெஷின் கொடுத்தவர்களைக் கேட்டோதான் எழுத வேண்டும். எத்தனை நிமிடம் என்ற எண்ணும் அப்படித்தான்.

பதில் கிடைத்ததும் அட்டையின் வரிசையே மாறிவிடுகிறது. காத்திருக்கச் சொல்லும் வரி நடுவிலிருந்து கடைசிக்குப் போகிறது. 'காத்திருங்கள்' என்பது 'எரியும், பயப்பட வேண்டாம்' என்று ஆகிறது.

கடைசியில் அட்டை எப்படி இருக்கும்?

வீட்டில் உள்ள மாடலின் மேனுவல் 5 நிமிடம் என்றும், உடனே மாட்டலாம் என்றும் சொல்வதாக வைத்துக்கொண்டால், முன்பக்கம் இப்படி வரும்:

அப்பாவுக்கு ஆக்சிஜன் போடும்போது

மெஷின் பக்கத்தில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, பீடி, சிகரெட், அடுப்பு வேண்டாம்.

1. மெஷின் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கிறதா, பாருங்கள்.
2. பாட்டிலில் MIN, MAX கோடுகளுக்கு நடுவில் டிஸ்டில்டு வாட்டர் நிரப்புங்கள். மூடியை நேராக வைத்து இறுக்குங்கள்.
3. சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகி சுவிட்சைப் போடுங்கள். பீப் சத்தம் கேட்கும்.
4. பந்தின் நடு ▢ கோட்டில் நிற்கும் வரை குமிழைத் திருகுங்கள். மாற்ற டாக்டரைக் கேளுங்கள்.
5. மூக்குக் குழாயின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வருகிறதா, பாருங்கள்.
6. மூக்குக் குழாயை உதறித் துடைத்து மாட்டுங்கள். வளைவு கீழ்நோக்கி இருக்கட்டும்.
7. மஞ்சள் விளக்கு முதல் 5 நிமிடம் எரியும். பயப்பட வேண்டாம்.

நிறுத்தும்போது: மூக்குக் குழாயைக் கழற்றியதும் மெஷினை ஆஃப் செய்யுங்கள்.

பின்பக்கத்தில், தப்பு நடந்தால் என்ன செய்வது என்பது மட்டும்:

- குமிழி வரவில்லை: குழாய் மடங்கியிருக்கிறதா, பாருங்கள். பாட்டில் மூடியைக் கழற்றி, நேராக மாட்டுங்கள்.
- 5 நிமிடத்துக்குப் பிறகும் மஞ்சள், அல்லது சிவப்பு: சிலிண்டருக்கு மாற்றுங்கள். மெஷின் கொடுத்தவருக்குப் போன் செய்யுங்கள்: ▢
- விடாமல் சத்தம், மெஷின் ஓடவில்லை: பிளக்கைப் பாருங்கள். கரண்ட் இல்லையென்றால் சிலிண்டருக்கு மாற்றுங்கள்.
- உதடு நீலமாகிறது, மூச்சு மிகவும் திணறுகிறது, குழப்பமாகப் பேசுகிறார், எழுப்பினால் எழவில்லை: உடனே 108.

பின்பக்கத்தின் கடைசி வரி மெஷினைப் பற்றியதே இல்லை. மேனுவலின் இயக்கும் பகுதியில் அது இருக்காமலும் போகலாம். ஆனால் அட்டையைப் பார்த்தபடி நிற்பவருக்கு, மெஷினோடு போராடுவதை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய கட்டம் எது என்று தெரிய வேண்டும். அந்த அறிகுறிகளைச் சிகிச்சை தரும் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, சரிபார்த்து எழுதுவது நல்லது.

அட்டையால் முடியாதது எது?

'சிலிண்டருக்கு மாற்றுங்கள்' என்று இரண்டே சொல்லில் சொல்லியாயிற்று. ஆனால் சிலிண்டரைத் திறப்பது, ரெகுலேட்டரில் அளவு வைப்பது தனி வேலை. அதை இந்த அட்டைக்குள் நுழைத்தால் இரண்டுமே குழம்பும். சிலிண்டரின் கழுத்தில் அதற்கென்று இன்னோர் அட்டை தொங்க வேண்டும். வீட்டில் சிலிண்டரே இல்லையென்றால், கரண்ட் போனால் என்ன செய்வது என்று டாக்டரிடமும் மெஷின் கொடுத்தவரிடமும் பகலிலேயே பேசிவைத்து, பின்பக்க வரியை அதற்கேற்ப மாற்றி எழுத வேண்டும். பின்பற்ற முடியாத வரி அட்டையில் இருக்கக் கூடாது.

அடுத்தது, அட்டை ஒரு மாடலுக்கு மட்டுமே சொந்தம். வாடகை மெஷின் பழுதாகி, வேறு கம்பெனி மெஷின் வந்துவிட்டால் விளக்குகளின் நிறம், நிமிடக் கணக்கு, பாட்டில் மாட்டும் விதம் எல்லாமே மாறலாம். சில மாடல்களில் பந்தே இருக்காது, திரையில் எண் தெரியும். பழைய அட்டை புது மெஷினில் ஒட்டிக்கொண்டிருந்தால், அட்டை இல்லாததைவிட அது மோசம். அதனால் ஓரத்தில் மூன்று விஷயங்களைச் சின்ன எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்: மெஷினின் மாடல் பெயர், அட்டை எழுதிய தேதி, மேனுவலில் இந்தப் பகுதி உள்ள பக்க எண்.

டாக்டர் சொன்ன அளவுக்கான கட்டத்தை பென்சிலிலோ, மாற்றி ஒட்டக்கூடிய சின்ன ஸ்டிக்கரிலோ எழுதலாம். அடுத்த செக்கப்பில் 2 என்பது 1 ஆகவோ 3 ஆகவோ மாறக்கூடும். பழைய எண்ணை அடித்து, பக்கத்தில் புது எண்ணை எழுதினால், இரவு விளக்கு வெளிச்சத்தில் எது எது என்று தெரியாது.

மேனுவலைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. ஃபில்டர் கழுவும் வாரமும், அட்டையில் இல்லாத ஒரு சத்தம் கேட்கும் நாளும் வரும். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே மாட்டி வைக்கலாம், அட்டையில் எழுதிய பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகி.

எல்லாம் முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, அறை விளக்கை அணைத்துவிட்டு இரவு விளக்கை மட்டும் போட வேண்டும். அந்த நேரத்தில் அப்பாவுக்கு ஆக்சிஜன் நிற்காமல் இருக்க மாற்று ஏற்பாட்டை முதலில் செய்துகொண்டு, அல்லது டாக்டர் அனுமதித்த இடைவெளி நேரத்தில், "அம்மா, இப்ப கரண்ட் வந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க. மெஷினைப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். ஏழாவது வரியைப் படித்த பிறகு, மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அவர் சுவிட்சை விட்டு நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தால், அட்டை தயார். அவர் கை மறுபடி சுவிட்சுக்குப் போனால், எந்த வரி அவரைத் தடுமாற வைத்தது என்று கேட்டு, அந்த வரியை மாற்றி எழுத வேண்டும்.